முடியிழையைக் காப்பாற்றும் சாம்பல் நிறம்

புகைப்படத்தில் ஒருவரைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுக்கும்போது தோளும் கையும் எளிதில் வந்துவிடும், தலைமுடிதான் சிக்கல். காற்றில் பறக்கும் ஒற்றை இழை பல படங்களில் ஒரு பிக்சல் அகலம்கூட இருப்பதில்லை. அந்தப் பிக்சலில் முடியின் கருமையும் பின்னணியின் நிறமும் கலந்தே பதிவாகின்றன. கோடிழுத்து வெட்டினால் அதை முழுதாக வைக்கலாம், அல்லது முழுதாக நீக்கலாம். மாஸ்க் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும். அதில் வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடம் மறையும், சாம்பல் உள்ள இடம் அரைகுறையாகத் தெரியும். இழைகளுக்கான அந்தச் சாம்பலைக் கையால் தீட்ட வேண்டியதில்லை. படத்தின் சேனல்களுக்குள்ளேயே அது இருக்கிறது.

நீல வானத்தின் முன் கருங்கூந்தலை அவிழ்த்துவிட்டு நிற்கும் ஒரு பெண்ணின் படத்தை எடுத்துக்கொள்ளலாம். ஃபோட்டோஷாப்பின் Channels பலகையில் மூன்று சேனல்களையும் தனித்தனியே பார்த்தால், Blue சேனலில் வானம் வெளிறியும் கூந்தல் கறுத்தும் தெரியும். அதை நகலெடுத்து, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். மூலச் சேனலைத் தொட்டால் படத்தின் நிறமே மாறிவிடும்.

நகலில் வானத்தின் அளவு 230, கூந்தலின் அளவு 30 என்று வைத்துக்கொள்வோம். பாதி முடி, பாதி வானம் கொண்ட பிக்சல் ஏறத்தாழ 130-இல் இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் முடி உள்ள பிக்சல் 190-இல் இருக்கும். Levels-இல் கறுப்பு முனையை 30-க்கும் வெள்ளை முனையை 230-க்கும் கொண்டுவந்தால் இந்த விகிதங்கள் அப்படியே காக்கப்படும். அவசரத்தில் வெள்ளை முனையை 160 வரை இழுப்பவர்கள்தான் அதிகம். அப்போது 190-இல் இருந்த மெல்லிழைகள் வெள்ளையில் கரைந்துபோகும். மிஞ்சிய முடி கத்தரித்த தாள்போல விறைத்து நிற்கும்.

முகமும் உடையும் இன்னும் சாம்பலாகவே இருக்கும். அவற்றின் உட்பகுதியைச் சாதாரண பிரஷ்ஷால் கறுப்பாக்கலாம். முடியோரத்தில் வானம் அழுக்காகத் தெரிந்தால், பிரஷ்ஷை Overlay முறைக்கு மாற்றி மெல்ல வெள்ளை தீட்ட வேண்டும். முழுக்கறுப்பை அது தொடாது. பிறகு Ctrl+I அழுத்தினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். சேனலின் சிறுபடத்தை Ctrl அழுத்தியபடி கிளிக் செய்தால் தேர்வு உருவாகும். அதை லேயர் மாஸ்க்காக மாற்றிவிடலாம்.

புதிய பின்னணி ஆரஞ்சு நிறமாக இருந்தால் கூந்தலின் ஓரத்தில் நீலச் சாயல் பளிச்சென்று தெரியும். மாஸ்க் வடிவத்தைத்தான் பிரித்தது. பிக்சலில் கலந்த வானத்தின் நிறத்தை அல்ல. மேலே ஒரு புதிய லேயரைச் சேர்த்து, அதைக் கீழ் லேயரோடு கிளிப் செய்து, கூந்தலிலிருந்தே எடுத்த நிறத்தை ஓரங்களில் தீட்டினால் சாயல் மறையும். இழையின் வடிவம் மாஸ்க்கில் பத்திரமாக இருப்பதால் தீட்டுவதில் நுணுக்கம் தேவையில்லை.

கருங்கூந்தலுக்குப் பின்னால் இருட்டான மரநிழல் இருந்தால் எந்தச் சேனலிலும் வேறுபாடு கிடைக்காது. மிகையாகச் சுருக்கிய ஜேபெக் படங்களில் இழைகளைச் சுற்றிக் கட்டம்கட்டமாகப் பிசிறு தெரியும். Levels அந்தப் பிசிறையும் கூட்டிக் காட்டும். அத்தகைய படங்களில் கூந்தலின் திரண்ட பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு, பறக்கும் சில இழைகளை மெல்லிய பிரஷ்ஷால் புதிதாக வரைவதே நடைமுறை.