ஒரே கதவுள்ள கட்டுக்கட்டும் அறை

சிறு நகரக் கிளினிக் பெரும்பாலும் மூன்று பகுதிகள்தான்: வராந்தாவில் காத்திருப்பு, நடுவே டாக்டர் அறை, பின்னால் கட்டுப் போடும் அறை. உள்ளே போகப் போகச் சுத்தம் கூட வேண்டும், ஆள் குறைய வேண்டும். இருமலோடு வருபவரை டோக்கன் கொடுக்கும்போதே முகக்கவசம் போடச் சொல்லி, காற்று வெளியேறும் ஜன்னலோரம் உட்கார வைப்பது முதல் வடிகட்டல்.

சிக்கல் பின்னறையில்தான். அழுக்குக் கத்தரிக்கோல் வெளியே போவதும் சுத்தமானது உள்ளே வருவதும் ஒரே கதவு வழியாக. இடத்தால் பிரிக்க முடியாததை நேரத்தால் பிரிக்கலாம். காலையில் தையல் பிரிப்பு, சுத்தமான காயங்கள். சீழ் வைத்த சர்க்கரை நோயாளியின் கால் புண் கடைசியில். அதன் பிறகு மேசையைத் துடைத்து, கருவிகளை மூடிய தட்டில் எடுத்துப்போய்க் கழுவ வேண்டும். ரத்தமும் சீழும் ஒட்டியிருந்தால் நீராவி அடியில் எட்டாது.

துணியில் சுற்றிய கருவிகளுக்கு ஆட்டோகிளேவில் 121 டிகிரி வெப்பம், 30 நிமிடம். குக்கரைப் போல விசில் எண்ணும் வேலையல்ல. வெப்பம் ஏறிய பிறகே கணக்குத் தொடங்கும். பொட்டலத்தில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தால், அது வெப்பம் பட்டதற்கு மட்டுமே அடையாளம், கிருமி செத்ததற்கு அல்ல. பொட்டலம் ஈரமாக வெளிவந்தால், கோடு இருந்தாலும் மறுபடி வைக்க வேண்டியதுதான். ஈரத்துணி வழியே கிருமி உள்ளே இறங்கிவிடும்.