ஏப்ரன் எல்லோருக்கும் ஒன்றுதான்



நம் உறுப்பினர்கள் ஐந்து பேர் குழுக் கடன் வாங்கி, பேருந்து நிலையம் பக்கத்தில் பியூட்டி பார்லர் நடத்துகிறார்கள். இரண்டு பெண்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். கணக்குப் பார்க்க நாங்கள் போனபோது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "ஏப்ரன் போடாவிட்டால் 20 ரூபாய் அபராதம்." அந்த மாதம் அபராதம் கட்டியது அந்த இரண்டு பெண்கள் மட்டும்தான். பங்குதாரர் அக்கா ஒருவர் ஏப்ரன் இல்லாமல் சேலையோடு ஃபேஷியல் செய்துகொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

விசாரித்தோம். ஆளுக்கு ஒரே ஒரு ஏப்ரன். மழைக்காலத்தில் ராத்திரி துவைத்தால் காலையில் காயாது. "ஈரத்தோட போடணும், இல்லேன்னா காசு கட்டணும். நாங்க என்ன செய்யறது?" என்று சின்னவள் கேட்டாள்.

அடுத்த கூட்டத்தில் பேசி, பார்லர் வருமானத்திலிருந்தே ஏழு பேருக்கும் இரண்டிரண்டு ஏப்ரன் தைத்தார்கள். வெள்ளையில் தலைச்சாயக் கறை போகாது என்பதால் மெரூன் நிறம் எடுத்தார்கள். ஆனால் மெரூனில் அழுக்கும் தெரியாதே! அதனால் கறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தினமும் மாற்றுவது என்று எழுதிக்கொண்டார்கள். சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்தினார்கள். முதல் தடவை வாயால் சொல்வது, இரண்டாவது தடவை நோட்டில் எழுதுவது, மூன்றாவது தடவை கூட்டத்தில் பேசுவது, பங்குதாரருக்கும் இதேதான்.

மற்ற விதிகளுக்கும் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதச் சொன்னோம். நகம் வளர்ந்தால் முகத்தில் கீறும், கிரீம் உள்ளே தங்கும். மோதிரத்துக்கு அடியிலும் அப்படித்தான். குனிந்து வேலை செய்யும்போது தலைப்பூ வாடிக்கையாளர் முகத்தில் உதிரும். தாலியைக் கழற்ற வேண்டாம், உள்ளே போட்டுக்கொண்டால் போதும்.

அதிகம் வாக்குவாதம் வந்தது திரெட்டிங் நூலில்தான். நூலைப் பல்லில் கடித்து இழுப்பது நம் ஊர் பழக்கம். முடி பிடுங்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு காயம் இருக்கும். எச்சில் பட்ட நூல் அங்கே உரசினால் தொற்று ஏறலாம். உதட்டில் கொப்புளம் இருப்பவர் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். நூல் முனையைக் கழுத்தில் கட்டிக்கொண்டும் இழுக்கலாம். கை பழகச் சில நாள் ஆகும். ஒவ்வொருவருக்கும் புது நூல், தொடங்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், இரண்டும் கட்டாயம்.

உதட்டில் கொப்புளமோ சளி இருமலோ வந்தால் முகத்தில் வேலை செய்யக்கூடாது என்றும் எழுதினார்கள். அன்றைக்குச் சம்பளம் இல்லை என்றால் யார் உண்மையைச் சொல்வார்? மறைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அதனால் இருமுகிறவருக்கு லீவும், கொப்புளம் வந்தவருக்குத் துண்டு துவைப்பது, கணக்கு எழுதுவது போன்ற வேலையும் கொடுத்து, முழுச் சம்பளமும் தருகிறார்கள்.

வியர்வை நாற்றம், வாய் நாற்றம் பற்றி நோட்டில் எழுதுவதில்லை. ஒருவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார், அவ்வளவுதான். மாற்று ரவிக்கை ஒன்றும் சோப்பும் பின் அறையில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் நோட்டைப் பார்த்தோம். ஒரே ஒரு பெயர் இருந்தது. அந்தச் சேலை அக்காதான், நகம் வெட்டாததற்கு.