குப்பை டெண்டரில் விலை உறை

தமிழ்நாட்டில் நகராட்சிக் குப்பை டெண்டருக்குப் பெரும்பாலும் இரண்டு உறைகள். முதல் உறையில் முன்வைப்புத்தொகை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு, அனுபவச் சான்று ஆகியவற்றோடு எந்த வார்டுக்கு எத்தனை ஆள், எத்தனை வண்டி என்ற தொழில்நுட்பத் திட்டமும் இருக்கும். இதில் தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படுவதே இல்லை.

சிக்கல் விலையில்தான். ஒரு மாதிரிக் கணக்கு: நாளுக்கு 40 டன், 100 தொழிலாளர்கள், ஆளுக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய். சம்பளத்தை மட்டும் மாதத்தின் 1,200 டன்னால் வகுத்தால் டன்னுக்கு 1,250 ரூபாய். நிறுவனம் கட்டவேண்டிய பி.எஃப். சுமார் 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், இவற்றைச் சேர்த்தால் 1,453 ரூபாய். டீசல், வண்டித் தேய்மானம், விடுப்பில் போகிறவருக்கு மாற்று ஆள் எல்லாம் இதற்கு மேல்.

ஆகவே ஆள்கூலியோடு மற்றச் செலவும் சேர்த்து 1,300 ரூபாய் என ஒருவர் எழுதினால், வெட்டு எங்கே விழும் என்பது தெளிவு. பி.எஃப். கட்டப்படாது, அல்லது தாளில் 100 பேர், தெருவில் 80 பேர். மிகக் குறைந்த விலைக்கு விலைப் பகுப்பாய்வு கேட்க அதிகாரிகள் தயங்கக் கூடாது. வேலை தொடங்கிய பிறகு, பில்லோடு வரும் பி.எஃப். இ.சி.ஆர். பட்டியலிலுள்ள பெயர்களை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டாலே குட்டு வெளிப்படும்.