ஈபி நிலைத்தது, டான்ஜெட்கோ நிலைக்கவில்லை

வியாசர்பாடியில் மகாகவி பாரதி நகருக்கு வழி கேட்பவர்கள் பெரும்பாலும் எம்.கே.பி. நகர் என்றுதான் கேட்பார்கள். இந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்கிறோம். டாஸ்மாக்கையோ ஒரே சொல்லாகச் சொல்கிறோம். காரணம், உயிரொலி. எம், கே, பி மூன்றும் ஆங்கிலத்தில் மெய்யெழுத்துகள். சேர்த்துச் சொன்னால் வாயில் நிற்காது. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் ஆங்கிலப் பெயருக்கும் முதலெழுத்துகளை மட்டும் எடுத்திருந்தால் டி.என்.எஸ்.எம்.சி. என்றுதான் வந்திருக்கும். பெயர் வைத்தவர்கள் 'என்'னை விட்டுவிட்டு, இரண்டு இடங்களில் மெய்யோடு அடுத்திருந்த 'ஏ'வையும் சேர்த்து எடுத்தார்கள். அதனால் டாஸ்மாக் பிறந்தது.

ஆனால் ஒரு சுருக்கம் சாதாரணப் பெயர்ச்சொல் ஆவதற்கு, சொல்ல எளிதாக இருந்தால் மட்டும் போதாது. 1983இல் டாஸ்மாக் தொடங்கியபோது அது மொத்த வியாபார நிறுவனத்தின் பெயர். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தபின் பெயர் கடையின் மேல் ஏறிக்கொண்டது. 'பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால ஒரு டாஸ்மாக் இருக்கு' என்று சொல்லும்போது யாரும் கழகத்தை நினைப்பதில்லை. 'ஒரு' என்று முன்னால் எண் சேர்கிறதா என்பதே நல்ல சோதனை.

இதற்கு எதிர்மாறான கதை மின்சார வாரியத்தினுடையது. 1957இல் வாரியம் உருவானது. மக்கள் வாயில் அது ஈபி. 2010இல் வாரியம் பிரிக்கப்பட்டு, மின்விநியோகம் செய்யும் நிறுவனத்துக்கு டான்ஜெட்கோ என்று பெயர் வந்தது. அதை ஒரே சொல்லாகவே சொல்லலாம். என்றாலும் அது செய்தித்தாளையும் ரசீதையும் தாண்டித் தெருவுக்கு வரவில்லை. 2024இல் விநியோக நிறுவனத்தின் பெயர் மறுபடி மாறியது. இத்தனைக்கும் பிறகு 'ஈபி கட்டியாச்சா?' என்றுதான் கேட்கிறோம். இந்தக் கேள்வியில் ஈபி என்பது அலுவலகம்கூட இல்லை, கட்டணம். 'ஈபிக்காரர்' என்றால் லைனைச் சரிசெய்ய வருபவர். இரண்டே எழுத்து, தவறாமல் வரும் தேவை: இவை இரண்டும் சேர்ந்து அதை நிலைநிறுத்திவிட்டன.

பெயர்ச்சொல் ஆனபின் வேற்றுமை உருபு ஏற்க வேண்டும். அப்போது கடைசி எழுத்தின் ஒலிதான் முடிவு செய்கிறது. ஈபி இகரத்தில் முடிவதால் யகரம் வந்து 'ஈபியில்' ஆகிறது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். மெய்யில் முடிவதால் அந்த மெய் இரட்டித்து 'ஐ.சி.எஃப்பில்' என்று வரும். மணலி உரத் தொழிற்சாலையான எம்.எஃப்.எல். அப்படியே 'எம்.எஃப்.எல்லில்'. ஏகாரத்துக்கு யகரமும் வகரமும் பொருந்தும் என்பது பழைய இலக்கணம், அதனால் எம்.எல்.ஏ.யை, எம்.எல்.ஏ.வை இரண்டும் சரி. விரிவு என்ன என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல.

எழுதும்போதுதான் புள்ளிகள் குழப்புகின்றன. எழுத்தெழுத்தாகச் சொல்பவற்றுக்குப் புள்ளி வைக்கலாம். டாஸ்மாக், லேசர், ரேடார் போன்றவற்றுக்கு வேண்டாம். ஈபி போல் முழுச்சொல் ஆகிவிட்டவற்றுக்கும் புள்ளியை எடுத்துவிடுங்கள்.