'டூ தி நீட்ஃபுல்'னு மெயில் போடுறீங்களா? வெளிநாட்டு கிளையன்ட் அதை எப்படிப் படிக்கிறார்?

திருவனந்தபுரம், கழக்கூட்டம். டெக்னோபார்க்கில் நீங்கள் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். சாயங்காலம் 6 மணி. நாகர்கோவில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், பெர்லினில் இருக்கும் கிளையன்ட் டீமுக்கு ஒரு மெயில் தட்டுகிறீர்கள்:

"ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யெஸ்டர்டேஸ் பேமென்ட் அப்டேட். கைண்ட்லி ரிவெர்ட் அண்ட் டூ தி நீட்ஃபுல்."

நீங்கள் கேட்க நினைத்தது ரொம்ப சின்ன விஷயம். நேற்றைய அப்டேட் பற்றி ஒரு கேள்வி இருக்கு, பதில் போடுங்க, டெஸ்ட் அக்கவுன்ட்டுக்கு அனுமதியும் கொடுங்க. அவ்வளவுதான்.

பெர்லினில் இருப்பவர் படித்தது வேறு: "நேற்றைய அப்டேட் மேல எனக்கு நம்பிக்கை இல்லை. அதைத் திரும்ப எடுத்துடுங்க. அப்புறம் வேண்டியதைச் செய்யுங்க." அவர் அப்டேட்டை நீக்கிவிட்டால், மறுநாள் காலையில் நீங்கள்தான் திகைத்து நிற்க வேண்டும்.

இது எங்கே தப்பாகப் போனது? மூன்று சொற்களில்.

'டவுட்' என்றால் கேள்வியா, அவநம்பிக்கையா?

தமிழில் 'சந்தேகம்' இரண்டு வேலையும் பார்க்கும். வகுப்பில் "சார், ஒரு சந்தேகம்" என்றால் அது கேள்வி. "அவன் மேல சந்தேகம்" என்றால் நம்பிக்கை இல்லை. பக்கத்து சீட்டு மலையாளி நண்பரின் 'சம்சயம்' என்ற சொல்லும் இப்படித்தான். அதனால் உங்கள் இரண்டு பேருக்குள் 'டவுட்' குழப்பமே தராது. ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் 'டவுட்' பெரும்பாலும் அவநம்பிக்கைதான். கேள்வி என்றால் 'கொஸ்டின்' என்றே எழுதிவிடுங்கள்.

'ரிவெர்ட்' ஏன் ஆபத்தானது?

நம் ஆபீஸ்களில் இதற்கு 'பதில் போடு' என்று அர்த்தம். சிங்கப்பூர், மலேசியாவிலும் இந்த வழக்கு உண்டு. மற்ற இடங்களில் இதன் முதல் அர்த்தம், பழைய நிலைக்குத் திரும்புவது. சாஃப்ட்வேர் வேலையில் சிக்கல் இன்னும் அதிகம். `git revert` என்ற கட்டளை, ஏற்கெனவே செய்த ஒரு மாற்றத்தை ரத்து செய்யும் புதிய மாற்றத்தை உருவாக்கும். மெயிலைப் படிப்பவர் ஒரு டெவலப்பர் என்றால் அவர் மனசுக்கு முதலில் வருவது இதுதான். பதில்தான் வேண்டுமென்றால் 'ரிப்ளை' போதும்.

'நீட்ஃபுல்' தப்பான ஆங்கிலமா?

இல்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் புழங்கிய தொடர் இது. பிரிட்டிஷ் ஆட்சிக்கால அலுவலகக் கடிதங்கள் வழியாக நம்மிடம் தங்கிவிட்டது. அங்கே காலப்போக்கில் வழக்கொழிந்தது, இங்கே கோப்புகளில் தொடர்ந்தது. தமிழ் மனுக்களில் 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிக்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

மனுவில் இது வேலை செய்வதற்குக் காரணம் இருக்கு. என்ன செய்ய வேண்டும், எந்த நடைமுறைப்படி என்பது மனுவை வாங்குபவருக்குத் தெரியும். பெர்லின்காரருக்கு அது தெரியாது. யார் செய்யணும், என்ன செய்யணும், எப்போதுக்குள் செய்யணும் என்ற மூன்றையும் இந்தத் தொடர் அவர் தலையில் போட்டுவிடுகிறது. அர்த்தம் புரிந்தாலும், எந்த வேலை என்பது புரியாது. "என்ன வேணும்னு கொஞ்சம் தெளிவா சொல்றீங்களா?" என்று பதில் வந்தாலோ, இரண்டு நாள் பதிலே வராமல் போனாலோ, சிக்கல் இங்கேதான் இருக்கும்.

இதே மாதிரி 'டுடே இட்செல்ஃப்' என்பதும் 'இன்னைக்கே' என்பதன் ஆங்கில வடிவம். யாருடைய இன்னைக்கு? உங்களுக்கு மாலை 6 மணி என்றால், பெர்லினில் கோடையில் மதியம் 2.30, குளிர்காலத்தில் 1.30.

அப்போ எப்படி எழுதுவது?

அந்த மெயிலையே மாற்றிப் பார்ப்போம்:

"ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் யெஸ்டர்டேஸ் பேமென்ட் அப்டேட்: டஸ் இட் கவர் ரீஃபண்ட்ஸ்? ப்ளீஸ் ரிப்ளை, அண்ட் கிவ் மீ ஆக்சஸ் டு தி டெஸ்ட் அக்கவுன்ட், பை 5 பி.எம். பெர்லின் டைம் டுடே."

கொஞ்சம் நீளம்தான். ஆனால் கேள்வி இருக்கு, வேலை இருக்கு, கெடு இருக்கு. தப்பாகப் படிக்க வழியில்லை.

கொச்சியில் இருக்கும் சக ஊழியருக்கோ, கலெக்டர் ஆபீஸுக்கோ எழுதும்போது இந்தப் பழைய தொடர்களை விட வேண்டியதில்லை. அவர்களுக்கு அது மரியாதையான ஆங்கிலம். ஆனால் சிசியில் ஒரே ஒரு வெளிநாட்டுப் பெயர் இருந்தாலும், சென்ட் அழுத்தும் முன்னால் இந்த மூன்று சொற்களையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.