சிறு காயமும் களிம்பும்

வெங்காயம் அரிகையில் கத்தி விரல் நுனியைச் சற்றே கீறிவிடுகிறது. உடனே மியூபிரோசின் களிம்பைத் தேடுவோர் பலர். அது அங்கே வேண்டியதன்று.

சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாது அழுத்தினால் குருதி நிற்கும். இடையிடையே திறந்து பார்ப்பதே பலரும் செய்யும் பிழை. பின்பு ஓடும் குழாய்நீரில் சில நிமிடம் கழுவி, சுற்றியுள்ள தோலைச் சவர்க்காரத்தால் சுத்தம் செய்தல் வேண்டும். நீர் கிருமியைக் கொல்வதில்லை. அழுக்கோடு சேர்த்து அடித்துச் செல்கிறது. எஞ்சியதை உடலே அடக்கிவிடும். புண் உலர்ந்து வெடிக்காதிருக்க வசிலீன் பூசிக் கட்டினாற் போதும். 1996 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சுத்தமான சிறு அறுவைக் காயங்களில் வசிலீனையும் பசிற்றாசின் களிம்பையும் ஒப்பிட்டது. தொற்றில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை; களிம்பு பூசியோருட் சிலருக்கு ஒவ்வாமை தோன்றியது.

இரண்டு மூன்று நாளின் பின் நோவு குறையாது கூடி, சீழ் கட்டி, அல்லது தேன்நிறப் பொருக்குப் படர்ந்தால் நிலைமை வேறு. அப்போது வைத்தியர் 2 வீத மியூபிரோசினை நாளுக்கு மூன்று முறை பூசச் சொல்லலாம். பொருக்கை வெந்நீரில் நனைத்து அகற்றிய பின்பே அது உட்செல்லும். மூன்று முதல் ஐந்து நாளில் குணம் தெரியாவிடின் மீண்டும் அவரிடம் காட்டவேண்டும். சிவப்புக் கோடு கை வழியே ஏறினாலோ காய்ச்சல் கண்டாலோ களிம்பு பயன்தராது. அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மிஞ்சிய களிம்பை ஒவ்வொரு கீறலுக்கும் பூசிவரின், அதற்கு அஞ்சாத கிருமிகளே தோலிற் பெருகும்.