கப்பலேறும் செஃப்புக்கு ஜி.எம். தரும் கடிதம்

"நல்ல உழைப்பாளி, நேர்மையானவர், பழக இனியவர். அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." ஓட்டல் வேலையை விட்டு உல்லாசக் கப்பலுக்குக் கிளம்பும் செஃப்கள் பலருடைய கோப்பில், ஜெனரல் மேனேஜர் கையெழுத்துடன் இப்படியொரு கடிதம் இருக்கும். இதே வரிகளை வரவேற்பறைப் பெண்ணுக்கும் கொடுக்கலாம், தோட்டக்காரருக்கும் கொடுக்கலாம். கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரர் இதைப் படித்தபின்னும், வந்திருப்பவர் என்ன சமைப்பார், எத்தனை பேருக்குச் சமைத்துப் பழக்கம் என்பதை முதலிலிருந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதவியும் வேலை பார்த்த தேதிகளும் அனுபவச் சான்றிதழில் இருக்கும். அதை எச்.ஆர். கொடுத்துவிடும். ஜி.எம். தரும் பரிந்துரைக் கடிதத்தின் வேலை வேறு. ஆளைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர், 'இந்த வேலைக்கு இவர் தாங்குவார்' என்று தன் பெயரில் பொறுப்பேற்றுச் சொல்வது அது. அதற்குக் கப்பல் சமையலறை எப்படிப்பட்டது என்று எழுதுகிறவருக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே அடுப்படிக்கு 'கேலி' என்று பெயர். பெரிய கப்பலில் ஒரு வேளைக்கே ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடுவார்கள். தீ அபாயம் காரணமாகப் பெரும்பாலும் மின்சார அடுப்புகள்தான். எரிவாயு நெருப்பில் கடாயைத் தூக்கி வீசிச் சமைத்துப் பழகிய கை அதற்குப் பழக வேண்டும். ஒப்பந்தம் பெரும்பாலும் 6 முதல் 9 மாதம். அது முடியும்வரை ஏழு நாளும் வேலை, வார விடுமுறை கிடையாது. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒரு நாளில் 10 மணி நேரமாவது ஓய்வு தரச் சொல்கிறது. மீதி நேரத்தில் எவ்வளவு வேலையாகப் போகும் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம். வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. சின்ன அறை, கூடவே வேறு நாட்டுக்காரர் ஒருவர்.

இனி, ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு கடிதத்தை எழுதிப் பார்ப்போம். சென்னையில் ஒரு நான்கு நட்சத்திர ஓட்டல். அங்கே நான்கு வருடம் வேலை பார்த்தவர். கமியாகச் சேர்ந்து, கடைசி இரண்டு வருடம் காண்டினென்டல் பிரிவில் சி.டி.பி., அதாவது செஃப் டி பார்ட்டி. ஜி.எம். அவரைத் தினமும் அடுப்பங்கரையில் நின்று பார்த்திருக்க மாட்டார். அதனால் பேனாவை எடுப்பதற்கு முன் எக்ஸிக்யூட்டிவ் செஃப்பையும் பேங்க்வெட் மேனேஜரையும் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுவது நல்லது. அந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பலில் விடுவதால்தான் வாழ்த்துமடல்கள் பிறக்கின்றன.

பேசியபின் எழுதும் வரிகள் இப்படி இருக்கும்: "காலை பஃபேயில் தினமும் சுமார் 250 பேருக்கான சூடான வகைகள் இவர் பொறுப்பு. முகூர்த்த நாட்களில் 600 பேர் வரை பேங்க்வெட். இவருக்குக் கீழே மூன்று கமிகள்." எண்ணிக்கையும் பிரிவும் கீழே வேலை பார்த்தவர்களும் தெரிந்துவிட்டால், கப்பலில் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

அடுத்தது சுத்தம். கடிதத்தில் அதிக இடம் பெற வேண்டியது இதுதான். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொட்டுப் போகும் உல்லாசக் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் வந்து சோதிப்பார்கள். நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் கப்பல் தோற்றது. மதிப்பெண்ணைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டும் விடுவார்கள். சமைத்த உணவை ஆறவைப்பதற்கே கறாரான விதி உண்டு. 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து 5 டிகிரிக்கு மேலும் நான்கு மணி நேரத்துக்குள். பெரிய அண்டாவில் கிரேவியை அப்படியே குளிர் அறைக்குள் தள்ளிவிட்டால் ஓரம் குளிரும், நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பு தங்கும். கிருமி பெருகுவது அங்கேதான். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றி, தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பார்த்து, நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும்.

"சுகாதார விதிகளை நன்கு அறிந்தவர்" என்று பொதுவாக எழுதினால் இதெல்லாம் வெளியே தெரியாது. நம் ஜி.எம்.முக்கோ நினைவில் ஒரு சம்பவம் இருக்கிறது. ஒரு கல்யாண வரவேற்புக்கு முந்தைய இரவு, இரண்டு மணி நேரம் கழிந்தும் கிரேவி 30 டிகிரியிலேயே நின்றதைப் பார்த்து, 40 லிட்டரையும் கொட்டச் சொன்னவர் இவர். மறுநாள் வேஸ்டேஜ் அறிக்கையில் அந்தத் தொகையைப் பார்த்து ஜி.எம். கோபமாகக் கூப்பிட்டபோது, பதிவேட்டை எடுத்துக் காட்டினார். கடிதத்தில் இதற்கு மூன்று வரி ஒதுக்கலாம். எக்ஸிக்யூட்டிவ் செஃப் எழுதினால் சக சமையல்காரரின் பாராட்டாகத் தோன்றக்கூடும். நஷ்டக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய ஜி.எம்.மே எழுதும்போது வரிக்குக் கனம் கூடுகிறது.

தெரியாததையும் சொல்லிவிடுவது நல்லது. "பேக்கரியிலும் இறைச்சி வெட்டும் பிரிவிலும் இவர் தனிப்பொறுப்பில் வேலை செய்ததில்லை" என்ற ஒரு வரி வேட்பாளரைக் கவிழ்த்துவிடாது. பல ஜி.எம்.கள் இதற்குத் தயங்குகிறார்கள். என் கருத்தில், மீதி வரிகளை நம்பவைப்பதே அந்த ஒரு வரிதான்.

பாசத்தில் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. 'போகிற இடத்தில் நல்ல சம்பளம் கிடைக்கட்டுமே' என்று சி.டி.பி.யை சூ செஃப் ஆக்கி எழுதுவது. சம்பளச் சீட்டிலும் எச்.ஆர். சான்றிதழிலும் சி.டி.பி. என்றே இருக்கும்; இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடிதம் அங்கேயே செத்துவிடும். தப்பித்தாலும் நேர்காணலில் மாட்டும். கோழி இறைச்சியின் நடுப்பகுதி எத்தனை டிகிரி தொட வேண்டும் என்று கேட்டால் 74 என்று யாரும் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். வெவ்வேறு நாட்டுக்காரர்கள் எட்டுப் பேர் கொண்ட பிரிவுக்கு வேலைப் பட்டியல் எப்படிப் போடுவாய் என்று கேட்டால், போட்டுப் பழகியவர்தான் பதில் சொல்ல முடியும். தவிர, ஓட்டலில் இருந்த பதவிக்கு ஒரு படி கீழேதான் கப்பலில் பல நேரங்களில் முதல் ஒப்பந்தம் கிடைக்கிறது. உயர்த்தி எழுதினால் அந்தப் படி மாறிவிடாது.

கடிதம் ஓட்டலின் லெட்டர்ஹெட்டில், தேதியுடன், ஒரே பக்கத்துக்குள் இருக்க வேண்டும். ஜி.எம்.மின் சொந்த மின்னஞ்சல் முகவரி போதாது. போலிச் சான்றிதழ்கள் புழங்கும் துறை என்பதால், ஏஜென்சி ஓட்டலின் அலுவலக முகவரிக்கு எழுதியோ தொலைபேசியில் கூப்பிட்டோ சரிபார்க்கும். ஓட்டல் ஜி.எம்.கள் அடிக்கடி ஊர் மாறுகிறவர்கள். கடிதம் எழுதியவர் ஆறு மாதத்தில் வேறு ஓட்டலுக்குப் போயிருந்தால், எச்.ஆர். கோப்பில் நகல் இருந்தால்தான் "ஆமாம், நாங்கள் கொடுத்ததுதான்" என்று சொல்ல அங்கே ஆள் இருக்கும்.

கிளம்புகிறவர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் உரிமம் கொடுத்திருக்க வேண்டும், ஆர்.பி.எஸ்.எல். என்பது அதன் பெயர். வேலை வாங்கித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று மேலே சொன்ன அதே உடன்படிக்கை சொல்கிறது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, கடலோடிக்கான சி.டி.சி. போன்றவற்றுக்கான செலவு வேறு கணக்கு. ஜி.எம். கடிதத்தை வாங்கிப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒருவர் லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டால், கோப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.